பனையா, ஈச்சையா? அடிமரத்துப் படத்தில் ஏமாறாமல் இருக்க...

ஓசூரை அடுத்த தொரப்பள்ளிப் பக்கம் வயலை மனையாக்கும் வேலை நடக்கும் ஓர் இடத்திலிருந்து, வேளாண் களப்பணியாளர் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தார். வரப்பில் நின்ற 19 மரங்களின் படங்கள் அவை. கூடவே ஒரு பட்டியலும் இருந்தது: தென்னை 6, ஈச்சை 9, பாக்கு 4. "சார், லிஸ்ட் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. வர்ற வாரம் மரத்தை எடுத்துடுவாங்க" என்று கேட்டிருந்தார்.

பட்டியலில் பனை ஒன்றுகூட இல்லை. ஆனால் படங்களில் மூன்று பனைகள் இருந்தன. இதைச் சாதாரண எழுத்துப் பிழை என்று விட்டுவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 14 அன்று சட்டப்பேரவையில் தாக்கல் செய்யப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஈச்சை என்று எழுதி வெட்டிவிட்டு, பிறகு அது பனை என்று தெரியவந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரர்தான்.

தென்னை, பனை, ஈச்சை, பாக்கு ஆகிய நான்கையும் நேரில் பார்த்தால் சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் படத்தில் பார்க்கும்போது அனுபவம் உள்ளவர்களும் தடுமாறுகிறோம். படத்தில் பெரும்பாலும் மரத்தின் ஒரு பகுதிதான் இருக்கும். அதுவும் எந்தப் பகுதி தெரிந்தால் அடையாளம் காண வசதியோ, அது விடுபட்டிருக்கும்.

மட்டை எப்படிப் பிரிகிறது?

நான்கு மரங்களுக்கும் கிளை இல்லை. உச்சிக் குருத்திலிருந்து இலை வந்துகொண்டே இருக்கும், பழைய இலை கீழே தள்ளப்பட்டு உதிரும். அப்படி உதிரும்போது மட்டையின் அடிப்பகுதி மரத்தில் எதை விட்டுச் செல்கிறது என்பதுதான் அடிமரத்துப் படத்தில் நீங்கள் தேட வேண்டிய அடையாளம்.

பாக்கு மரத்தில் மட்டையின் அடிப்பகுதி தண்டை முழுவதுமாகச் சுற்றிக் குழாய் போல மூடியிருக்கும். காய்ந்ததும் முழுதாகக் கழன்று விழும். தட்டு செய்யப் பொறுக்குகிறோமே, அந்தப் பாக்கு மட்டைதான் அது. முழுச் சுற்றாக இருந்தது கழன்றதால், தண்டிலும் வளையல் போட்டதுபோல முழு வட்டத் தழும்பு நிற்கும். தண்டு மெலிந்திருக்கும். ஏறக்குறைய ஒரு சாண் குறுக்களவுக்குள், அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக, நேராகப் போகும். இளம் மரத்திலும், வளர்ந்த மரத்தின் மேல் பகுதியிலும் தண்டு பச்சையாகவே தெரியும்.

தென்னை மட்டையும் சுத்தமாகத்தான் கழன்று விழுகிறது. ஆனால் அதன் அடி தண்டை முழுவதும் அணைத்திருப்பதில்லை. அதனால் தழும்பு முழு வட்டமாக இல்லாமல் பிறை வடிவில் இருக்கும். சாம்பல் நிறத் தண்டில் நெடுக்குவாக்கில் சிறு வெடிப்புகள் தெரியும். நெட்டை ரகங்களில் அடி பருத்து, யானைக் கால் போல இருக்கும். குட்டை ரகங்களில் இந்தப் பருமன் இருக்காது. அடியிலிருந்தே நேராக மெலிந்து எழும். அடிமரத்தை மட்டும் படம் எடுத்தால் குட்டைத் தென்னையைப் பாக்கு என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. அந்த இடத்தில் தழும்பு முழு வட்டமா, பிறையா என்று பாருங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் பார்வையை உச்சிக்குக் கொண்டு போங்கள். தென்னை மட்டையின் அடியில் பழுப்பு நிறப் பன்னாடை சுற்றியிருக்கும். பாக்கில் பன்னாடை கிடையாது, வழவழப்பான பச்சைக் குழாய்தான் இருக்கும்.

பனையும் ஈச்சையும் இப்படிச் சுத்தமாகப் பிரியும் சாதி அல்ல. காய்ந்த மட்டை எளிதில் விழாது, தொங்கிக்கொண்டே இருக்கும். ஆள் வைத்துக் கழித்தாலும் அடிக்கட்டை மரத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் வயது குறைந்த பனையின் அடிமரமும் ஈச்சையின் அடிமரமும் படத்தில் ஒன்றுபோலத் தெரிகின்றன. இரண்டிலும் செதில் செதிலாகக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். தொரப்பள்ளிப் பட்டியலில் பிழை நுழைந்த இடம் இதுதான்.

கட்டையின் நடுவைப் பாருங்கள்

ஈச்சையின் அடிக்கட்டை சாய்சதுர வடிவத்தில், பிளவில்லாமல் ஒரே துண்டாக இருக்கும். கட்டைகள் வரிசை தவறாமல் சுற்றிச் சுற்றி ஏறும். தூரத்திலிருந்து பார்த்தால் அன்னாசிப் பழத்தின் தோல் நினைவுக்கு வரும். கட்டையின் விளிம்பில் ரம்பப் பல் இருக்காது.

பனையின் அடிக்கட்டை அகலமானது. தண்டு பருக்கும்போது அந்தக் கட்டை நடுவில் கிழிந்து, கவிழ்த்து வைத்த கவட்டைபோல இரண்டாகப் பிரிந்து நிற்கும். அந்தக் கவட்டைக்கு நடுவே கருத்த தண்டு தெரியும். பக்கத்துக் கட்டைகளும் இப்படிப் பிரிந்திருப்பதால், மொத்தமாகப் பார்க்கும்போது குறுக்கும் நெடுக்கும் பின்னிய வேலி போன்ற தோற்றம் வரும். கட்டை கொஞ்சம் நீளமாக விடப்பட்டிருந்தால் அதன் இரு விளிம்பிலும் கருக்கு இருக்கும். பனை மட்டையை வெறும் கையால் இழுத்தவர்களுக்கு அதை நினைவூட்டத் தேவையில்லை.

வயதான பனையில் இந்தக் கட்டைகள் எல்லாம் உதிர்ந்து தண்டு வெளுத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டைகள் உதிர்வது உண்மைதான். ஆனால் தண்டு கருமையாகவே இருக்கும். நெருக்கமான வளையத் தழும்புகளும், அடியில் பருத்து வேர்க் கற்றை வெளியே தெரிவதும் சேர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். இடி விழுந்தோ குருத்து அழுகியோ தலை போன மரங்களில் இது மிகவும் பயன்படும். பட்டுப்போன மொட்டை மரத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை, பக்கத்தில் தென்னை இருந்தால் தென்னை என்றே எழுதிவிடுகிறார்கள்.

ஓலையில் நான்கு விரல் நீளம் போதும்

ஓலை கிடைத்துவிட்டால் பனைக்குக் குழப்பமே இல்லை. அது ஒன்றுதான் விசிறி, மற்ற மூன்றும் இறகு. ஆனால் அந்த மூன்றுக்குள் எது எது என்பதற்கு, கீற்றின் அடிப்பகுதியைக் கவனிக்க வேண்டும். பலர் அழகாகத் தெரிகிறது என்று நுனியைப் படம் எடுக்கிறார்கள்.

ஈச்சை ஓலையில் மட்டையின் கீழ்ப்பகுதிக்கு வரவரக் கீற்றுகள் சுருங்கி முள்ளாகிவிடும். நீளமான, கூரான, கையைக் குத்திக் கிழிக்கும் முள். தென்னையிலும் பாக்கிலும் அப்படி முள்ளே கிடையாது. படத்தில் முள் தெரிந்தால் வேறு அடையாளம் தேட வேண்டியதில்லை.

முள் இருக்கும் பகுதி வெட்டப்பட்டுப் போயிருந்தால், ஒரு கீற்று நடு ஈர்க்கோடு சேரும் இடத்தை மேல்புறமிருந்து பாருங்கள். ஈச்சையின் கீற்று வாய்க்கால் போல மேல்நோக்கி மடிந்திருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே ஓடும். தென்னை, பாக்கு இரண்டின் கீற்றும் ஓட்டுக் கூரை போலக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். தண்ணீர் இரு பக்கமும் வழியும். கீற்று காய்ந்தாலும் இந்த மடிப்பு மாறாது. காய்ந்த ஓலையில் நான்கு விரல் நீளத் துண்டு கிடைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

தென்னைக்கும் பாக்குக்கும் உள்ள வேறுபாடு கீற்றின் அகலத்திலும் நுனியிலும் இருக்கிறது. தென்னங்கீற்று நீண்டு ஒடுங்கி, ஒரே ஈர்க்குடன் கூராக முடியும். பாக்கின் கீற்று அகலமானது. அதில் நெடுக்கே பல நரம்புகள் ஓடும், நுனி கடித்துத் துப்பியதுபோலப் பல் பல்லாக இருக்கும்.

உச்சியில் குலை எங்கே தொங்குகிறது?

தூரத்திலிருந்து எடுத்த உச்சிப் படத்தில் இலை எண்ணிக்கையையே முதலில் பாருங்கள். நல்ல தென்னையில் 30 முதல் 40 மட்டைகள் இருக்கும். பாக்கில் பத்து, பன்னிரண்டைத் தாண்டினால் அதிகம். ஈச்சை நன்றாக வளர்ந்திருந்தால் எண்ண முடியாத அளவு அடர்ந்து, சாம்பல் பச்சை நிறத்தில் உருண்டையாக இருக்கும். கீற்றுகள் ஒரே தளத்தில் அடுக்கினாற்போல இல்லாமல் கொத்துக் கொத்தாக வெவ்வேறு திசையில் நீட்டி நிற்பதால், ஓலையே கலைந்த மாதிரி தெரியும்.

அதைவிட உறுதியானது குலை தொங்கும் இடம். தென்னையில் பாளை மட்டைகளுக்கு நடுவே வெடிக்கும், குலை மட்டையின் மேல் சாய்ந்திருக்கும். பாக்கில் மட்டை விழுந்த பிறகுதான் பாளை வெளியே வருகிறது. ஆகவே குலை எப்போதும் பச்சைக் குழாய்க்குக் கீழே, வெறும் தண்டில் ஒட்டியபடி தொங்கும். மங்கலான படத்திலும் இது தெரியும்.

பனைக்கும் ஈச்சைக்கும் குலையை நம்பாதீர்கள். இரண்டிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு இல்லை, பழம் இல்லை என்பதால் அந்த மரம் இல்லை என்றாகிவிடாது. அதோடு, பனை பாளை விடவே பல ஆண்டுகள் ஆகும்.

பெயரிலும் ஒரு குழப்பம்

ஓசூர்ப் பக்கம் ஒரே வரப்பில் மூன்று மொழி பேசுவோம். பனையைத் தெலுங்கில் 'தாட்டி செட்டு' என்பார்கள், கன்னடத்தில் 'தாளே மர'. ஈச்சை தெலுங்கில் 'ஈத்த செட்டு', கன்னடத்தில் 'ஈச்சலு மர'. பாக்குக்குக் கன்னடத்தில் 'அடிகே'. வெளியூரிலிருந்து வந்து கணக்கெடுப்பவர் 'தாளே' என்று காதில் வாங்கி, 'தாழை' என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். தாழை ஓடைக்கரையில் மணக்கும் புதர், பனைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பெரியவர்களிடம் பெயர் கேட்பது நல்லதுதான். எந்த மொழியில் சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியில் பனை, தென்னை, ஈச்சை மூன்றிலும் ஒரு காலத்தில் கள் இறக்கினார்கள். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். ஓசூரும் அப்போது அதில்தான் இருந்தது. சாறு எடுத்த ஈச்சை மரத்தில் ஓர் ஆண்டு ஒரு பக்கம், மறு ஆண்டு எதிர்ப்பக்கம் என்று சீவியிருப்பார்கள். அதனால் தண்டு நெளிநெளியாகப் படிபோல் தெரியும். பனையில் பாளையைச் சீவித்தான் பதநீரோ கள்ளோ இறக்குவார்கள் என்பதால் தண்டில் இந்த நெளிவு வராது. இப்படி மாறி மாறிச் சீவிய தழும்பு தெரிந்தால் அது ஈச்சை.

அந்த 19 மரங்கள்

இனி பட்டியலுக்கு வருவோம். 'பாக்கு 4' என்று இருந்ததில் எனக்குச் சந்தேகம் இருந்தது. மனைப்பிரிவு வாசல்களில் அழகுக்கு நடும் ராயல் பாம் மரத்துக்கும் பச்சைக் குழாய் உண்டு, வளையத் தழும்பும் உண்டு. பலர் அதைப் பாக்கு என்று எழுதுகிறார்கள். ஆனால் அதன் தண்டு வெளுத்து, பருத்து, நடுவில் புடைத்திருக்கும். படத்தில் இருந்த நான்கும் மெலிந்த தண்டு, குழாய்க்குக் கீழே குலையும் தெரிந்தது. பாக்குதான்.

'தென்னை 6' என்பதில் ஐந்து சரி. ஆறாவது தலையில்லாத மரம். தண்டு கருப்பு, வளையங்கள் நெருக்கம், அடியில் வேர்க் கற்றை. பட்டுப்போன பனை அது.

'ஈச்சை 9' என்பதில்தான் சிக்கல். வரப்பைச் சுத்தம் செய்ய யாரோ தீ வைத்திருக்கிறார்கள். காய்ந்த மட்டைகள் எரிந்து, உச்சியும் கருகி, எல்லா மரமும் கரிக்கட்டை போல நின்றன. படம் எடுத்தவர் தோள் உயரத்துக்கு மேல் கேமராவைத் தூக்கவே இல்லை. ஏழு மரங்களில் சாய்சதுரக் கட்டைகள் ஒரே துண்டாக இருந்தன. இரண்டில் மட்டும் கட்டைகள் நடுவில் பிளந்து கவட்டையாக நின்றன. கருக்கு எரிந்து போயிருந்தது.

அந்த இரண்டும் பனை என்பதில் எனக்கு அப்போதே பெரிய ஐயம் இல்லை. ஆனால் தீயில் வெந்த கட்டை தானாகவும் பிளக்கலாம். அதனால் படத்தை மட்டும் நம்பி எழுதித் தர மனம் ஒப்பவில்லை. "குருத்து உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த இலை வரட்டும், அதுவரை அந்த இரண்டையும் தொட வேண்டாம்" என்று சொன்னேன். இந்த மரங்களுக்கு வளரும் முனை ஒன்றுதான், அது மட்டைகளுக்குள்ளே ஆழத்தில் இருக்கிறது. மேலே கருகினாலும் அது பிழைத்துவிட்டால் மறுபடி இலை வரும். பனையின் புதுக் குருத்து மடித்த விசிறிபோல நெருங்கிய மடிப்புகளோடு வரும். ஈச்சையின் குருத்து ஈட்டிபோல எழுந்து, ஊசி ஊசியாகக் கீற்றுகளாகப் பிரியும்.

ஐந்து வாரம் கழித்துப் படம் வந்தது. இரண்டு மரத்திலும் விசிறி.

படம் எடுக்கும்போது

இந்த அனுபவத்துக்குப் பிறகு எங்களோடு வேலை செய்யும் களப்பணியாளர்களிடம் ஒரு மரத்துக்கு மூன்று படம் கேட்கிறோம். முதலாவது, இடுப்பு உயரத்தில் தண்டு. பக்கத்தில் கையையோ நோட்டுப் புத்தகத்தையோ வைத்து எடுத்தால் பருமன் புரியும். இரண்டாவது, கீழே விழுந்த மட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அதன் அடிப்பாதி. மூன்றாவது உச்சி. மரத்தின் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மரத்தின் உயரம் அளவுக்காவது பின்னால் தள்ளி நின்று, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எடுங்கள். மாலை வெயிலை எதிர்த்து எடுத்தால் கருநிழல்தான் கிடைக்கும், குலை எங்கே தொங்குகிறது என்பதுகூடத் தெரியாது. போனில் ஜூம் செய்யாதீர்கள், கீற்றுகள் கரைந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

கன்றுப் பருவத்தில் இந்த அடையாளங்கள் எதுவும் உதவாது. பனையும் ஈச்சையும் முளைத்ததும் முதலில் விடுவது பிளவில்லாத நீள இலைதான். பனையினுடையது அகலமாக, நெடுக்கே பல மடிப்புகளோடு இருக்கும். ஈச்சையினுடையது குறுகி, ஒரே மடிப்போடு தடித்த புல் போல இருக்கும். ஏரிக்கரையில் பனை விதை நட்டவர்கள், பறவை போட்ட எச்சத்தில் முளைத்த ஈச்சையைப் பனை என்று கணக்கில் சேர்க்காமலிருக்க இதைப் பார்த்துக்கொள்ளலாம். காட்டோரத்தில் புதராக நிற்கும், துடைப்பத்துக்கு வெட்டும் சிற்றீச்சை வேறு. அது உயர்ந்த மரமாகாது.

நர்சரியில் வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 'அரிக்கா பாம்' என்று தொட்டியில் விற்பது பாக்குக் கன்று அல்ல. அது ஒரே தூரில் பல தண்டுகளோடு, மஞ்சள் காம்போடு வரும் அழகுச் செடி, வயலில் நட்டால் பாக்கு காய்க்காது. பாக்குக் கன்று ஒற்றைத் தண்டுதான், முதல் இலைகள் மீன் வால்போல இரண்டாகப் பிளந்திருக்கும். அதேபோல, தர்மபுரிப் பக்கம் பர்ஹி பேரீச்சை நன்றாக வருவதைப் பார்த்துவிட்டுக் கன்று தேடுபவர்கள், விதையில் முளைத்த கன்றை வாங்க வேண்டாம். அது நாட்டு ஈச்சையா, பேரீச்சையா என்று கன்றின் இலையை வைத்துச் சொல்வது எங்களுக்கே கடினம். பேரீச்சை என்றே வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் வரும். பக்கக் கன்றோ திசு வளர்ப்புக் கன்றோதான் வாங்க வேண்டும். வளர்ந்த மரமாக இருந்தால் அடியைப் பாருங்கள். பேரீச்சையின் தூரில் பக்கக் கன்று வெடிக்கும், நாட்டு ஈச்சையில் வெடிக்காது. பக்கக் கன்றுகளை எடுத்துவிட்ட மரமாக இருந்தால் பழம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

தொரப்பள்ளிப் பட்டியல் திருத்தப்பட்டது: தென்னை 5, பாக்கு 4, ஈச்சை 7, பனை 3. உயிரோடு இருக்கும் இரண்டு பனைகளும் மனைக்குள் வராமல், பாதையோரமாக விழுந்திருக்கின்றன. அவற்றை வெட்டத் தேவையில்லை என்று நிலத்துக்காரரே சொல்லிவிட்டார்.